எந்த அவுரேலியானோ?

“சித்தப்பா, இந்த அர்க்காதியோ யாரு? ஹோசே அர்க்காதியோவோட பிள்ளையா, அப்பாவா?”

ராத்திரி பத்தரை மணிக்கு அண்ணன் மகள் போனில் கேட்டாள். “ரெண்டும்தாம்மா” என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் ஒரு ஹோசே அர்க்காதியோவுக்கு மகன், இன்னொரு ஹோசே அர்க்காதியோவுக்கு அப்பா. அந்த முதல் ஹோசே அர்க்காதியோவின் அப்பாவுக்கும் அதே பெயர். இவனுக்கும் ஞானஸ்நானத்தில் வைத்தது ஹோசே அர்க்காதியோதான். வீட்டில் குழப்பம் வேண்டாமென்று பாதியை வெட்டி ‘அர்க்காதியோ’ என்று கூப்பிட்டார்கள். குழப்பம் தீர்ந்ததா என்பதற்கு அந்த ராத்திரி போனே சாட்சி.

மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ 1967-இல் புவெனஸ் அய்ரஸில் ஸ்பானிஷில் வெளிவந்தது. நான் முதலில் படித்தது தொண்ணூறுகளின் நடுவில், நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஆங்கிலப் பிரதியில். முன்பக்கங்கள் இரண்டு மூன்று கிழிந்து போயிருந்தன. அதில் வம்சவரிசைப் படம் ஒன்று இருந்தது என்பதே எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். ஏழு தலைமுறைக் கதையை எந்த வழிகாட்டியும் இல்லாமல் தொடங்கி, பாதிப் புத்தகம் போனதும் நின்றுவிட்டேன். யார் யாரென்று தெரியவில்லை. திரும்ப முதலிலிருந்து.

அதற்கு முன்னால் எனக்கு இருந்த பயிற்சி ரஷ்ய நாவல்களில். எங்கள் தலைமுறையில் பலருக்கும் அந்நியப் பெயர்களைப் பழக்கிவிட்டவை மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த புத்தகங்கள்தான். அங்கே சிக்கல் வேறு மாதிரி. ஒரே ஆளுக்கு மூன்று நான்கு பெயர். கரமசோவ் சகோதரர்களில் மூத்தவன் ஓரிடத்தில் திமித்ரி, இன்னோரிடத்தில் திமித்ரி ஃபியோதரவிச், பிரியமாகக் கூப்பிடுகிறவர்களுக்கு மீத்யா. இதற்கு ஒரு பட்டியல் போட்டால் வேலை முடிந்தது. இடது பக்கம் ஆள், வலது பக்கம் அவனுடைய பெயர்கள். மார்க்வெஸின் நாவல் நடக்கும் ஊரான மகோந்தோவில் இது தலைகீழ். பெயர் ஒன்று, ஆட்கள் பலர். எண்ணிப் பார்த்திருக்கிறேன்: கர்னல் அவுரேலியானோ புயேந்தியா, அவருடைய மகன் அவுரேலியானோ ஹோசே, போர்க்காலத்தில் பதினேழு பெண்களிடம் அவருக்குப் பிறந்த பதினேழு அவுரேலியானோக்கள், பேரன் தலைமுறையில் அவுரேலியானோ செகுந்தோ, அவன் மகள் பெற்ற அவுரேலியானோ, கடைசியில் பிறக்கும் குழந்தை. ஆக 22 அவுரேலியானோ. ரஷ்யப் பட்டியலை இங்கே போட்டால் இடது பக்கம் ஒரே வரி, வலது பக்கம் தாள் நிறைந்துவிடும்.

இது நமக்கு ஒன்றும் புதிதில்லை என்று சொல்லலாம். பெயரன் என்பதுதானே பேரன்? எனக்கும் தாத்தா பெயர்தான். மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று அம்மா என்னைக் கடைசிவரை ‘தம்பி’ என்றே கூப்பிட்டாள். அர்க்காதியோவுக்குப் பாதிப் பெயர் விழுந்த மாதிரி எனக்கு முழுப் பெயரும் போயிற்று. ஆனால் நம் வழக்கத்தில் ஒரு தலைமுறை இடைவெளி இருக்கும், ஒழுங்காக ஒன்றுவிட்டு ஒன்று வரும். நாவலின் புயேந்தியா குடும்பத்தில் அந்த ஒழுங்கும் கிடையாது. அப்பா பெயர் மகனுக்கு, சித்தப்பா பெயர் அண்ணன் மகனின் பிள்ளைக்கு, யாருக்கு வேண்டுமானாலும்.

இரண்டாம் முறை தொடங்கியபோது தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை எடுத்துப் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே போனேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் முயற்சி அசட்டுத்தனமானது: பெயர், பக்கத்தில் அப்பா பெயர். நம் ஊர் இனிஷியல் பழக்கம். ‘அவுரேலியானோ, தகப்பன் அவுரேலியானோ’ என்று எழுதி என்ன பயன்? அது அவுரேலியானோ ஹோசேயாகவும் இருக்கலாம், பதினேழு பேரில் ஒருவனாகவும் இருக்கலாம், கடைசிக் குழந்தையாகவும் இருக்கலாம். அந்த வரிகளெல்லாம் தாளில் அடிக்கப்பட்டிருக்கின்றன.

சரியான வழியைச் சொல்லிக்கொடுத்தது நாவலுக்குள் இருக்கும் கிழவி. கர்னல் போரில் இருக்கும்போது ஊர் ஊராகப் பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, ‘இவன் உங்கள் மகனுக்குப் பிறந்தவன், ஞானஸ்நானம் செய்து வையுங்கள்’ என்று வாசலில் நிற்கிறார்கள். உர்சுலா சலிக்காமல் எல்லாப் பையன்களுக்கும் அவுரேலியானோ என்றே பெயர் வைக்கச் சொல்கிறாள். குடும்பப் பெயர் மட்டும் அவரவர் தாயுடையது. பிறகு ஒரு கணக்கு நோட்டை எடுத்து, தாயின் பெயர், விலாசம், பையன் பிறந்த ஊர், தேதி என்று பதிந்துகொள்கிறாள். மகன் திரும்பி வந்தால் கணக்குச் சரியாக இருக்க வேண்டுமாம். முதலில் படித்தபோது சிரித்துவிட்டு நகர்ந்த இடம் அது. இரண்டாம் முறை அங்கேயே நின்று, காலண்டர் தாளைத் திருப்பி, ‘அப்பா’ என்ற பத்தியை அடித்துவிட்டு ‘அம்மா’ என்று எழுதினேன்.

நீங்களே போட்டுப் பாருங்கள். உர்சுலாவின் பிள்ளைகள்: ஹோசே அர்க்காதியோ, அவுரேலியானோ. பின்னவன்தான் கர்னல். பிலார் தெர்னேராவின் பிள்ளைகள்: அர்க்காதியோ, அவுரேலியானோ ஹோசே. முன்னவன் அண்ணனுக்குப் பிறந்தவன், பின்னவன் தம்பிக்கு. சாந்தா சோஃபியா தெ லா பியேதாதின் பிள்ளைகள்: அர்க்காதியோவுக்குப் பிறந்த இரட்டையர், ஹோசே அர்க்காதியோ செகுந்தோவும் அவுரேலியானோ செகுந்தோவும். ஃபெர்னாந்தாவின் மகன்: ஹோசே அர்க்காதியோ. மெமேயின் மகன்: அவுரேலியானோ. அமராந்தா உர்சுலாவின் மகன்: அவுரேலியானோ. எந்தத் தாய்க்கும் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் இல்லை. தாய் பெயரும் பிள்ளை பெயரும் சேர்ந்தால் ஆள் சிக்கிவிடுகிறான், எந்தத் தலைமுறை என்பதும் கூடவே வந்துவிடுகிறது. உர்சுலாவிடமிருந்து அமராந்தா உர்சுலா வரை இந்த ஆறு பெண்களை வரிசையாக நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற ஆண்களை அவரவர் இடத்தில் வைத்துவிடலாம். பதினேழு பேரும் இதே கணக்கில் அடங்குகிறார்கள், தாய்மார்தான் பதினேழு பேராயிற்றே.

பெயரைத் தவிர ஆசிரியரே வைத்திருக்கும் அடையாளங்கள் சில உண்டு. குடும்பத்தை நிறுவியவர் ஏறக்குறைய எப்போதும் முழுப் பெயரோடு ஹோசே அர்க்காதியோ புயேந்தியாதான். அவர் மகன் வெறும் ஹோசே அர்க்காதியோ. பேரன் அர்க்காதியோ. அதற்கடுத்தவனுக்குச் செகுந்தோ ஒட்டிக்கொள்கிறது. படிக்கிற வேகத்தில் வாலில் இருக்கும் சொல்லை விழுங்கிவிடுவது நம் தப்பு. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கிரெகரி ரபாசா இந்த வித்தியாசங்களைக் கைவிடாமல் காத்தார். ‘செகுந்தோ’வை ‘இரண்டாமவன்’ என்று மாற்றாமல் அப்படியே விட்டதும் அவர்தான்.

தமிழில் வேறொரு தொல்லை சேர்ந்துகொள்கிறது. காலச்சுவடு 2013-இல் தமிழ்ப் பதிப்பைக் கொண்டுவந்தபோது ஆசையாக வாங்கிப் படித்தேன். ஆங்கிலத்தில் ஒரு பெயரைத் தேடிப் பழைய பக்கத்துக்குப் போனால் பெரிய எழுத்து கண்ணில் படும். ஓடுகிற கண்ணுக்கு அது போதும். நம் எழுத்தில் அந்த வசதி கிடையாது. அதோடு பெயர் தனியாகவும் நிற்காது. அவுரேலியானோவை, அவுரேலியானோவிடம், அவுரேலியானோவால் என்று வேற்றுமை ஒட்டிக்கொண்டு வரியோடு கரைந்துவிடும். ஆனால் தமிழில் எழுதுகிறவர் ஒவ்வொரு ஆளுக்கும் ‘அவன்’ என்பதா ‘அவர்’ என்பதா என்று முடிவெடுத்தே தீர வேண்டும். பொற்கொல்லர் பட்டறையில் மீன் செய்துகொண்டிருந்த பையன் எந்தப் பக்கத்தில் ‘அவர்’ ஆகிறார்? ஸ்பானிஷ் வாசகனுக்குக் கிடைக்காத ஒரு துப்பு இது. அதைப் பிடித்துக்கொண்டு படித்தால் கர்னலை மற்ற அவுரேலியானோக்களிடமிருந்து எளிதாகப் பிரித்துவிடலாம்.

இப்போது அண்ணன் மகள் படிக்கிற விதத்துக்கு வருகிறேன். அவள் மின்நூலில் படிக்கிறாள். பெயர் மறந்தால் விரலால் அழுத்தித் தேடுகிறாள். கிண்டிலில் 2011-இல் ‘எக்ஸ்-ரே’ என்று ஒரு வசதி வந்தது. அது இருக்கிற புத்தகங்களில் ஒரு பெயரைத் தொட்டால் அந்த ஆள் எங்கெல்லாம் வருகிறான் என்று காட்டும். ரஷ்ய நாவலுக்கு இது வரப்பிரசாதம். மூவாயிரம் மைலுக்கு அப்பால் போய்விட்ட ஓர் இளவரசன் அறுநூறு பக்கம் கழித்துத் திரும்பி வந்தால், முதலில் எந்த விருந்தில் பார்த்தோம் என்று நொடியில் தெரிந்துகொள்ளலாம். மகோந்தோவில் என்ன ஆகும்? அவள் ‘Aureliano’ என்று தட்டினாள். தள்ளத் தள்ள முடிவே இல்லை. இயந்திரம் எழுத்தைத்தான் தேடும், இருபத்திரண்டு பேரும் அதற்கு ஒரே எழுத்து. ‘கர்னல்’ என்ற சொல்லைத் தேடச் சொன்னேன், கொஞ்சம் வடிகட்டியது. மெமேயின் மகனுக்காக ‘பாபிலோனியா’ என்று தேடினால் கிடைப்பது பெரும்பாலும் அவன் அப்பன் மௌரிசியோ. மகனை நாவல் கடைசிப் பக்கங்கள் வரை வெறும் அவுரேலியானோ என்றுதான் சொல்கிறது.

தேடல் கைகொடுக்காததால் அவள் இணையத்துக்குப் போனாள். வம்சவரிசைப் படங்கள் வண்ண வண்ணமாகக் கிடைத்தன. ஒன்றைப் படம் பிடித்துத் தோழிகள் குழுவில் போட்டுவிட்டு, எனக்கும் அனுப்பினாள். கூடவே ஒரு முகம் சுளித்த பொம்மை. “அர்க்காதியோன்னு போட்டேன் சித்தப்பா. முதல் வரியிலேயே அவனை யார் கொல்றாங்கன்னு சொல்லிட்டாங்க. நான் இன்னும் அந்த அத்தியாயத்துக்கே போகலை.”

அவளுக்குப் போனது ஒரு சாவு மட்டுமில்லை. நாவலின் முதல் வாக்கியமே கர்னலைத் துப்பாக்கிப் படைக்கு முன்னால் நிறுத்துகிறது. அதைப் படித்தவர்கள் நூறு பக்கத்துக்கும் மேலாக அந்தச் சூட்டுக்குக் காத்திருக்கிறார்கள். நடுவில் சுவரோரம் நிறுத்தப்பட்டு உண்மையிலேயே சுடப்படுகிறவன் அர்க்காதியோ. கர்னல் தப்பித்துக் கிழவராகிச் சாகிறார். பெயர்கள் குழம்பக் குழம்ப அந்த அதிர்ச்சி கூடும். நான் முதல் முறை இரண்டு பேரையும் ஒன்றாக்கி, கர்னல் செத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு முப்பது பக்கம் படித்தேன். மற்ற நாவலாக இருந்தால், செத்தவன் எழுந்து வந்ததும் ‘எங்கேயோ ஆள் மாறிவிட்டது’ என்று தெரிந்துவிடும். மகோந்தோவில் அந்தச் சோதனையும் செல்லாது. அங்கே மெல்கியாதெஸ் சாவிலிருந்து தனிமை தாங்காமல் திரும்பி வருகிறான், கொலையுண்ட புருதென்சியோ அகிலார் நடு ராத்திரியில் தண்ணீர் தேடி அலைகிறான்.

வரைபடத்தின் கேடு இதைவிடப் பெரியது. பிலார் தெர்னேராதான் தன் தாய் என்று அர்க்காதியோவுக்குக் கடைசிவரை தெரியாது. அது தெரியாததால் அவன் அவளிடம் நடந்துகொள்ளும் முறையைப் படிக்கும்போது நமக்குக் கை நடுங்குகிறது. மெமேயின் பிள்ளையைக் கூடையில் மிதந்து வந்ததாகச் சொல்லி ஃபெர்னாந்தா மறைக்கிறாள். அதனால் அவன் யார் என்று தெரியாமல் வளர்கிறான், சித்தியைச் சித்தி என்று தெரியாமல் காதலிக்கிறான். அந்த வீடே இந்த அறியாமையின் மேல்தான் நிற்கிறது. வரைபடம் எல்லாவற்றையும் ஒரு கோடு இழுத்து முதல் பக்கத்தில் போட்டுக் கொடுத்துவிடுகிறது. கதாபாத்திரங்கள் நூறு வருஷம் படித்தும் அவிழ்க்க முடியாததை நாம் அரை நிமிஷத்தில் பார்த்துவிடுகிறோம்.

அந்த வரைபடம் மார்க்வெஸுடையதும் இல்லை. 1970-இல் ஆங்கிலப் பதிப்பு வரும்போது பதிப்பகத்தார் கேட்டுச் சேர்த்தது. ஆசிரியருக்கு அது வேண்டுமென்றிருந்தால் ஸ்பானிஷ் முதல் பதிப்பிலேயே போட்டிருக்க மாட்டாரா என்ற ஐயம் தனக்குப் பின்னால் வந்ததாக ரபாசா தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். என் பிரதியில் அந்தப் பக்கத்தைக் கிழித்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. அப்படி ஒரு படம் இருந்தது தெரியவந்தபோது அவரைத் திட்டியிருக்கிறேன், புத்தகத்தைத் திரும்பப் படித்து முடித்ததும் திட்டியதை வாபஸ் வாங்கினேன்.

நடுவில் படமும் வந்துவிட்டது. 2024 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் எட்டு பகுதிகள், ஸ்பானிஷில், கொலம்பியாவிலேயே எடுத்தது. பெயர்க் குழப்பத்துக்கு முகத்தைவிட நல்ல மருந்து உண்டா? திரையில் யாரும் யாரோடும் குழம்புவதில்லை. இது நமக்கும் பழைய கதைதான். ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் தொடராக வந்தபோது மணியம் போட்ட படங்கள் தமிழ்நாட்டுக்கே வந்தியத்தேவனின் முகத்தைத் தீர்மானித்தன. மறந்து போனவர்களுக்கு முன்கதைச் சுருக்கம் இருந்தது. 2022-இல் சினிமா வந்ததும் முகம் மாறிப் போயிற்று. ஆனால் புயேந்தியா வீட்டில் முகம் தெரிந்தால் ஒன்று கெட்டுப்போகும். உர்சுலா வயதான பிறகு ஒரு விதியைக் கண்டுபிடிக்கிறாள்: அவுரேலியானோக்கள் ஒதுங்கியவர்கள், கூர்மையானவர்கள், ஹோசே அர்க்காதியோக்கள் முரட்டு வேகக்காரர்கள், துணிந்து இறங்கிக் கெட்டுப்போகிறவர்கள். பெயரே குணம். முகத்தை மறந்து பெயரை மட்டும் வைத்துப் படிக்கிறவனுக்குத்தான் இது உறைக்கும்.

போன மாதம் அவள் ஊருக்கு வந்திருந்தாள். காலண்டர் தாளைக் காட்டி, அம்மா பத்தியை விளக்கினேன். “ஆனா ஒண்ணும்மா, படிச்சு முடிக்காத அத்தியாயத்துக்குப் போட்டு வைக்காதே. அவங்களுக்கு எப்போ தெரியுதோ அப்போதான் உனக்கும் தெரியணும்” என்றேன். போனிலேயே ஒரு குறிப்பைத் திறந்து, ஆறு பெண்களில் அதுவரை வந்திருந்த மூன்று பேரைத் தட்டிக்கொண்டாள். பிறகு அவளாகவே ஓர் இடத்தைத் திறந்து காட்டினாள். ஊருக்குத் தூக்கமின்மை நோய் வந்து, மறதி தொற்றிக்கொண்டபோது அவுரேலியானோ பட்டறைச் சாமான்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டுகிறான். அவன் அப்பா ஒரு படி மேலே போய், சுவர், கடிகாரம், கதவு, ஆடு, கோழி எல்லாவற்றிலும் எழுதுகிறார். பசுவின் கழுத்தில் அது பசு என்பதோடு பாலை ஏன் கறக்க வேண்டும் என்பதும் தொங்குகிறது. பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, எதற்கு என்றும் தெரிய வேண்டும் என்று அவருக்கே பிறகுதான் புரிகிறது. “இதான் சித்தப்பா நான் செய்யணும்” என்று குறிப்பில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு காரியம் சேர்த்தாள். கர்னல்: தங்க மீன். அமராந்தா: கையில் கறுப்புக் கட்டு. ரெபேக்கா: மண் தின்பாள். என் தாளில் இது கிடையாது. அவளுடையது மேல்.

அடையாளத்தை நம்பிப் போய்விடக்கூடாது என்பதற்கும் அந்த நாவலிலேயே இடம் உண்டு. பதினேழு பேருக்கும் சாம்பல் புதனன்று பாதிரியார் நெற்றியில் சிலுவை வைக்கிறார். கழுவினாலும் போகவில்லை. கொலைகாரர்கள் வந்தபோது அதே சிலுவையைத்தான் குறி பார்த்தார்கள்.

ஒரு வாரத்துக்கு முன்னால் திரும்பப் போன் வந்தது. அவள் இரட்டையர்களிடம் வந்துவிட்டாள். அம்மா பத்தி இங்கே கைகொடுக்கவில்லை, இருவருக்கும் சாந்தா சோஃபியாதான் தாய். சின்ன வயதில் இரண்டு பேருக்கும் பெயர் பொறித்த காப்பு, வேறு வேறு நிறச் சட்டை. பையன்கள் சட்டையை மாற்றி, காப்பை மாற்றி, பெயரையும் மாற்றிக் கூப்பிட்டு விளையாடுகிறார்கள். பச்சைச் சட்டையை வைத்து ஹோசே அர்க்காதியோ செகுந்தோவை அடையாளம் கண்டுவந்த வாத்தியாருக்கு மண்டை கிறுகிறுக்கிறது. அதன்பிறகு எது எவன் என்று யாருக்கும் நிச்சயமில்லை. வளர்ந்தபின் பெருந்தீனி தின்று உருண்டு திரண்டு ஊரை அமளிப்படுத்துகிறவன் அவுரேலியானோ செகுந்தோ. ஒட்டி உலர்ந்து, அறைக்குள் அடைந்து மெல்கியாதெஸின் தோல் சுவடிகளைப் படிக்கிறவன் ஹோசே அர்க்காதியோ செகுந்தோ. உர்சுலாவின் விதிப்படி இது தலைகீழ். அந்த விளையாட்டில் எங்கோ ஒரு தடவை திரும்ப மாற்றிக்கொள்ள மறந்துவிட்டார்கள் என்று உர்சுலாவுக்குச் சந்தேகம். இருவரும் ஒரே நேரத்தில் சாகிறார்கள். குடித்துவிட்டு வந்த நண்பர்கள் சவப்பெட்டியை மாற்றிக் குழியில் இறக்குகிறார்கள்.

“அப்போ கடைசியில சரியான பேர்லதான் புதைச்சாங்களா சித்தப்பா?”

தாளை எடுத்துப் பார்த்தேன். சாந்தா சோஃபியாவுக்கு நேராக இரண்டு பெயர், நடுவில் இரு பக்கமும் கூர்வைத்த அம்பு, அதன் மேல் ஒரு கேள்விக்குறி. பென்சிலில் போட்டு, பிறகு பேனாவால் அதன்மேலேயே எழுதியிருக்கிறேன். அதைப் படம் பிடித்து அனுப்பினேன்.